அனுமதி மறுக்கப்பட்டது: நீங்கள் வந்த மொபைல் நெட்வொர்க் முகவரி தற்காலிகமாகத் தடுக்கப்பட்டுள்ளது

```
403 Forbidden
IP: 203.0.113.47 (IPv4)
Port: 41872
Time: 14-06-2025 21:17:42 IST
Ref: 7F3A-20C9
```

வணக்கம். குரூப் 4 பழைய வினாத்தாளுக்கோ நாளைய மாதிரித் தேர்வுக்கோ வந்திருப்பீர்கள். வந்த இடத்தில் இந்தப் பக்கம் நிற்கிறது. மன்னிக்கவும்.

தடை உங்கள் மேல் இல்லை. உங்கள் கணக்கு, நீங்கள் எழுதிய தேர்வுகள், மதிப்பெண்கள், சேமித்து வைத்த குறிப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் மொபைல் நெட்வொர்க் வெளியே இணையத்துக்குக் காட்டும் ஒரு முகவரியிலிருந்து இன்று மாலை எங்கள் லாகின் பக்கத்தின் மேல் தாக்குதல் வந்தது, அந்த முகவரியைத்தான் தடுத்திருக்கிறோம். அந்த முகவரியை இப்போது உங்களோடு இன்னும் பலர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று மாலை 6:04 மணிக்குத் தொடங்கிய தடை, நாளை ஞாயிறு காலை 6:04 மணிக்குத் தானாக நீங்கும். அதற்குள் தாக்குதல் மறுபடி தொடங்கினால் இன்னும் 12 மணி நேரம் நீளும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உடனே உள்ளே வர வழிகள் உண்டு.

இப்போதே செய்து பார்க்க வேண்டியவை

முதலில் ஏரோப்ளேன் மோடை ஆன் செய்யுங்கள். ஒரு நிமிடம் போல விட்டுவிட்டு ஆஃப் செய்யுங்கள். நெட்வொர்க்கோடு புதிதாக இணையும்போது பெரும்பாலும் வேறு பொது முகவரி கிடைக்கும். சில சமயம் பழையதே திரும்ப வரும். இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் IP எண்ணைப் பாருங்கள். அது மாறாமல் இருந்தால் இன்னொரு முறை முயலுங்கள், அதற்கு மேல் அதிலேயே நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டு சிம் போடும் போனாக இருந்தால், மொபைல் டேட்டாவை மற்ற நிறுவனத்தின் சிம்முக்கு மாற்றுங்கள். இதுதான் ஏறக்குறைய நிச்சயமாகப் பலிக்கும் வழி. வீட்டு வைஃபையும் அப்படியே. பக்கத்து வீட்டிலோ நண்பர் அறையிலோ பிராட்பேண்ட் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் கொடுப்பது அதே நெட்வொர்க்கின் ஹாட்ஸ்பாட்டாக இருந்தால் இதே முகவரியில்தான் வந்து நிற்பீர்கள்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமான வழி, ஆனால் பலருக்கு உதவும். மேலே IPv4 என்று இருக்கிறது அல்லவா? எங்கள் சர்வர் அதைவிடப் புதிய முகவரி முறையான ஐபிவி6 வழியாகவும் பேசும், அந்தப் பக்கம் தடை எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய் `Access Point Names` என்பதைத் திறங்கள். பயன்பாட்டில் உள்ள பெயரைத் தொட்டால் `APN protocol` என்று ஒரு வரி இருக்கும். அதில் `IPv4` மட்டும் தேர்வாகி இருந்தால் `IPv4/IPv6` என்று மாற்றிச் சேமித்துவிட்டு, ஏரோப்ளேன் மோடை ஒருமுறை போட்டு எடுங்கள். மற்ற வரிகளில் கை வைக்க வேண்டாம், டேட்டாவே நின்றுவிடக்கூடும். லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் வழியாக வந்திருந்தால், அதே போனிலேயே நேரடியாகத் திறந்து பாருங்கள். சில போன்கள் தங்களுக்கு ஐபிவி6 வைத்துக்கொண்டு ஹாட்ஸ்பாட்டுக்கு ஐபிவி4 மட்டும் கொடுக்கும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால், இந்தப் பக்கத்தின் அடியில் உள்ள படிவத்தை நிரப்புங்கள். தடைபட்ட முகவரியிலிருந்தும் அது வேலை செய்யும்.

செய்ய வேண்டாதவை

பிரவுசரில் குக்கீயை அழிப்பது, ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுவது, புதுக் கணக்கு தொடங்குவது எதுவும் பயன் தராது. தடை இருப்பது முகவரியில். ரீஃப்ரெஷ் செய்துகொண்டே இருப்பதாலும் பலன் இல்லை.

இலவச விபிஎன் ஆப் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறோம். அவற்றின் முகவரிகள் இதைவிட மோசமாகத் துஷ்பிரயோகம் செய்யப்பட்டவை, அதனால் பல ஏற்கெனவே எங்கள் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அப்படிப்பட்ட ஆப்களில் சில, உங்களுக்குத் தெரியாமலே உங்கள் இணைப்பை வேறு யாருக்கோ வாடகைக்கு விடுகின்றன. 'உங்கள் டேட்டாவைப் பகிர்ந்தால் பணம்' என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆப்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இன்று மாலை வந்த தாக்குதல் போன்றவை நடப்பதற்கு இதுவும் ஒரு வழி. அப்படி ஏதாவது போனில் இருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள். மொபைல் டேட்டா, வீட்டு வைஃபை, வேறு சிம் என எதில் வந்தாலும் இதே பக்கம் தெரிந்தால், உங்கள் சாதனத்தையே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

தடையை நீக்கித் தருவதாகச் சொல்லி யாராவது பணமோ ஓடிபியோ கேட்டால் அது நாங்கள் இல்லை. இந்தத் தளத்தில் எதற்கும் கட்டணம் கிடையாது.

ஏன் தடுத்தோம்

மாலையில் இந்த முகவரியிலிருந்து லாகின் பக்கத்துக்குச் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான கடவுச்சொல் முயற்சிகள் வந்தன. வேறு எங்கோ கசிந்த மின்னஞ்சல், கடவுச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு நிரல் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. நம்மில் பலர் எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கிறோம். அப்படி ஒரு கணக்கு திறந்தால், அதிலிருக்கும் தொலைபேசி எண்ணும் பிறந்த தேதியும் போய்விடும். அதனால் எங்கள் வடிகட்டி அந்த முகவரியை மொத்தமாக மூடியது. யாருடைய கணக்கும் திறக்கப்படவில்லை. இருந்தாலும் ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துபவர் என்றால், உள்ளே வந்ததும் மாற்றிவிடுங்கள்.

அந்த நிரலை ஓட்டியவர் ஒருவராக இருக்கலாம். அவரால் தேர்வுக்குப் படிக்கும் இத்தனை பேர் வெளியே நிற்பது எங்களுக்கும் வேதனைதான்.

ஒரு முகவரி, பல பேர்: எப்படி?

ஐபிவி4 முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடி முகவரிகள்தான் இருக்க முடியும். உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதியின் பங்கும் கடைசிக் கட்டத்துக்கு வந்து, அதன்பின் நிறுவனங்களுக்கு மிகச் சிறிய அளவில்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். ஆளுக்கொரு முகவரி கொடுக்க வழியே இல்லை.

அதனால் மொபைல் நிறுவனங்கள் உள்ளே ஒரு முகவரி, வெளியே ஒரு முகவரி என்று வைத்துக்கொள்கின்றன. ஒரே ஒரு கேட் வைத்த பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி: உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண், வெளியில் எல்லாருக்கும் ஒரே தெரு முகவரி. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் படித்துக்கொண்டே போகும் ஒருவரும், ராயபுரத்தில் வீட்டில் இருக்கும் ஒருவரும், வேளச்சேரி விடுதியில் தாக்குதல் நிரல் ஓட்டும் ஒருவரும் எங்கள் சர்வரின் கண்ணுக்கு ஒரே 203.0.113.47 ஆகத் தெரியலாம்.

உங்கள் போனிலேயே இதைச் சரிபார்க்கலாம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதியில் ஐபி முகவரி என்று இருக்கும். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ தொடங்கினால் அது உள்முகவரி. இரண்டாவது தொகுப்பை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கினார்கள்.

வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்து அறிய நெட்வொர்க் ஒரு போர்ட் எண் கொடுக்கும். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். முகவரி, போர்ட், துல்லியமான நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்த இணைப்பு யாருடையது என்று நெட்வொர்க் நிறுவனத்தால் சொல்ல முடியும். எங்களால் அதுவும் முடியாது. இந்தப் பக்கத்தின் மேலே போர்ட்டையும் வினாடியையும் காட்டியிருப்பது அதனால்தான். நெட்வொர்க்கின் வாடிக்கையாளர் சேவைக்குப் புகார் சொல்வதாக இருந்தால் அந்த ஐந்து வரிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். 'சைட் ஓப்பன் ஆகல' என்று மட்டும் சொன்னால் சிம்மைக் கழற்றி மாட்டச் சொல்வதோடு முடிந்துவிடும். நிறுவனத்தின் தவறு இது என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் நெட்வொர்க் வழியாகத் தாக்குதல் வந்த தகவலை நாங்களும் அவர்களுக்கு அனுப்பியிருக்கிறோம்.

திங்கள்கிழமை முதல், பலர் பகிரும் முகவரி என்று தெரிந்தவற்றில் லாகின் பக்கத்தை மட்டும் தடுப்போம். வினாத்தாள் பக்கங்கள் திறந்தே இருக்கும். லாகின் செய்ய வருபவருக்கு ஒரு சிறு சோதனை வரும், அவ்வளவுதான்.

நாளைய மாதிரித் தேர்வு

காலை 10 மணிக்குத் திட்டமிட்டபடி தொடங்கும். தடையால் எழுத முடியாதவர்கள் செவ்வாய் இரவு 11 மணி வரை எழுதலாம். தரவரிசையும் அதற்குப் பிறகுதான் வெளிவரும், யாரும் பின்தங்க மாட்டீர்கள். பழைய வினாத்தாள் மட்டும் இன்றே வேண்டும் என்றால் தேர்வாணையத்தின் `tnpsc.gov.in` தளத்திலேயே இருக்கிறது. எங்கள் விடை விளக்கங்கள் அங்கே இருக்காது, வினாத்தாள் போதும் என்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

தனி அனுமதி கேட்கும் படிவம்

உங்கள் மின்னஞ்சல்: கணக்கு வைத்திருப்பவர் பதிவு செய்த அதே மின்னஞ்சலைத் தரவும். கணக்கு இல்லாதவர் எதையும் தரலாம். கடவுச்சொல்லை எழுத வேண்டாம்.

குறிப்பு எண்: 7F3A-20C9 (தானாக நிரப்பப்பட்டுள்ளது)

எதில் வந்தீர்கள்: மொபைல் டேட்டா / ஹாட்ஸ்பாட் / வைஃபை

ஏரோப்ளேன் மோடு போட்ட பிறகு IP மாறியதா: ஆம் / இல்லை

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா: தமிழிலேயே எழுதலாம்.

[ அனுப்பு ]

அனுப்பியதும் உங்கள் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பு வரும். அதை இதே போனில், இதே பிரவுசரில் திறந்தால் தடை இருக்கும்போதே 24 மணி நேரம் உள்ளே இருக்கலாம். கணக்கு வைத்திருப்பவர்களுக்கு உடனே வந்துவிடும், இன்பாக்ஸில் காணவில்லை என்றால் ஸ்பேமில் பாருங்கள். மற்றவர்களின் படிவங்களை நாங்கள் மூன்று பேர் வேலை முடிந்து வந்து கையால் பார்க்கிறோம். இன்று இரவு 11 மணி வரை உட்கார்ந்திருப்போம். அதற்குப் பிறகு வருபவற்றுக்குக் காலை 7 மணியிலிருந்து இணைப்பு அனுப்புவோம்.