அக்காவோட காது

(வானொலி நாடகம். பேசுவோர் இருவர்: காளியம்மா, 48 வயது, சின்னப்பாலத்தில் பாசி எடுப்பவர், எப்போதும் உரக்கப் பேசுவார். முருகேசன், 34, அவருடைய தம்பி, விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இவர்களோடு அறிவிப்பாளர் ஒருவர்.)

அறிவிப்பாளர்: வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு பாம்பன்ல படகெல்லாம் கடலுக்குப் போக ஆரம்பிச்சாச்சு. வலை தைக்கிற வேலை, ஐஸ் ஏத்துற வேலைன்னு ஆளாளுக்கு ஓடிக்கிட்டு இருப்பீங்க. கையில வேலை நடக்கட்டும், காத மட்டும் இங்கிட்டுக் குடுங்க.

(அலைச் சத்தம் தூரத்தில். ஓலைப் பந்தலில் காற்று. கோழி கொக்கரிக்கிறது.)

காளியம்மா: (வாசலிலிருந்தே, உரக்க) முருகேசு! டேய் முருகேசு! நைலான் நூலு இருக்கா? பாசிப் பை அடியில பிஞ்சு போச்சு, ரெண்டு தையல் போடணும்.

முருகேசன்: (உள்ளிருந்து) அந்த டப்பாவுல கெடக்கும், எடுத்துக்கக்கா.

காளியம்மா: என்னது?

முருகேசன்: (சத்தமாக) டப்பாவுல! வலை ஊசி டப்பாவுல!

(தகர டப்பா திறக்கும் சத்தம். துழாவுகிறார். மாத்திரை அட்டைகள் சரசரக்கின்றன. நிற்கிறது.)

காளியம்மா: ...இது என்னடா?

முருகேசன்: நூலு கிடைச்சுதா?

காளியம்மா: நூலுக்கு அடியில அட்டை அட்டையா மாத்திரை கெடக்கு. ஒண்ணு கூடப் பிரிக்கல. இது உன் டி.பி. மாத்திரை தானே?

முருகேசன்: (ஓடி வந்து, தாழ்ந்த குரலில்) அக்கா, மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல ஆளு இருக்காக.

காளியம்மா: என்ன சொல்ற? காது கேக்கல.

முருகேசன்: மெதுவாப் பேசுன்னு சொல்றேன்!

காளியம்மா: நீ கத்திக்கிட்டு என்னைய மெதுவாப் பேசச் சொல்றியா? எத்தன நாளா போடல?

முருகேசன்: ஒன்பது நாளா. தடை முடிஞ்சு மொத நா கடலுக்குப் போனேன்ல, அன்னைலேருந்து.

காளியம்மா: ஏன்?

முருகேசன்: எனக்குத்தான் சரியாயிருச்சேக்கா. ரெண்டு மாசம் முடிஞ்சதும் சளி எடுத்துப் பாத்தாக. கிருமி இல்லன்னு நர்சம்மாவே வாயால சொன்னாக. இருமல் இல்ல, சாயந்தரக் காச்சல் இல்ல. 43 கிலோவுல போனவன் இப்ப 47. நேத்து ஐஸ் பெட்டிய ஒத்த ஆளா தூக்குனேன். இல்லாத நோய்க்கு எதுக்கு தெனமும் மூணு மாத்திர?

காளியம்மா: அந்த நர்சு அதோட நிறுத்தி இருக்க மாட்டாகளே. இன்னும் நாலு மாசம் போடணும்னு சொல்லிருப்பாகளே.

முருகேசன்: சொன்னாக, சொன்னாக. (சலிப்புடன்) நீ படகுல ஏறிப் பாத்திருக்கியா? வெள்ளனத்துல வெறும் வயித்துல மூணு மாத்திரையப் போட்டுட்டு ஏறுனா, டீசல் நாத்தமும் மீன் கவிச்சியும் சேந்து கொடலப் பொரட்டுது. மொத நாளே கடல்ல வாந்தி எடுத்தேன். கூட வந்த பயலுக, என்ன மாப்ள புதுசா கடலுக்கு வாரியான்னு சிரிக்கிறாங்கெ. அதுபோக ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகுது. ஒருத்தன் பாத்துட்டு ரத்தம் ரத்தம்னு கத்திட்டான்.

காளியம்மா: அது மாத்திரையோட நெறம்டா. ஆரஞ்சா, செவப்பாத்தான் போகும். அது ஒண்ணும் செய்யாது.

முருகேசன்: எனக்குத் தெரியும். டிரைவரு அண்ணனுக்குத் தெரியுமா? இவனுக்கு என்னமோ சீக்குன்னு தெரிஞ்சா அடுத்த ட்ரிப்புக்கு வேற ஆளக் கூப்புட்டுக்குவாக. தடைக்காலத்துல வாங்குன கடன் அப்புடியே நிக்குது. இந்த நோய்க்குன்னு சர்க்காரு மாசம் 1000 ரூவா பேங்குல போடுது, சரி. அது பாலுக்கும் முட்டைக்கும் பத்தும். வட்டிக்குப் பத்துமா?

(சிறு மௌனம். காளியம்மா திண்ணையில் உட்காருகிறார்.)

காளியம்மா: பாப்பா மாத்திர போட்டுக்கிட்டாளா இன்னைக்கு?

முருகேசன்: ம். அவ அம்மா தண்ணியில கரைச்சுக் குடுத்தா. மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே குடிச்சிட்டா.

காளியம்மா: அந்த மூணு வயசுப் புள்ளைக்கு நோயே இல்ல. உன் மூச்சு பட்டு வந்துறக் கூடாதுன்னு ஆறு மாசம் தடுப்பு மாத்திர குடுக்குறாக. அவ விடாமக் குடிக்கிறா. நோய் வந்த நீ வலை டப்பாவுல ஒளிச்சு வைக்கிற.

முருகேசன்: அக்கா, நீ பாசி எடுக்குறவ. டாக்டரு கணக்கா பேசாத.

காளியம்மா: பாசி எடுக்குறவளாவே பேசுறேன், கேளு. நாங்க மரிக்கொழுந்துப் பாசிய எப்புடிப் பறிக்கிறோம்? பாறையோட சேத்து சொரண்டுறோமா? அடிய விட்டுட்டு மேலதான் பறிப்போம். அப்பத்தான் அடுத்த சீசனுக்கு மறுபடி மொளைக்கும். அதேதான் நீ உன் நெஞ்சுக்குள்ள செஞ்சு வச்சிருக்க. ரெண்டு மாசத்துல மேலாப்புல இருந்தது போயிருச்சு. சளியில தெரியல. அடி உள்ள கெடக்கு.

முருகேசன்: திரும்ப வந்தா திரும்ப மாத்திர போட்டாப் போச்சு.

காளியம்மா: (குரல் மாறுகிறது) எனக்கு காது எப்புடிப் போச்சு?

முருகேசன்: என்ன இப்ப திடீர்னு? பாசிக்கு முங்கி முங்கிப் போச்சு. ஊருக்கே தெரியுமே.

காளியம்மா: ஊருக்கு நான் சொன்னது அது. நீ அப்ப கொல்லத்துல படகு வேலைக்குப் போயிருந்த. அம்மாவும் இல்ல. எனக்கு டி.பி. வந்துச்சு. மாத்திர குடுத்தாக. மூணாவது மாசம் ஒடம்பு தேறிருச்சு, உன்னைய மாதிரியே. பாசி சீசன் வந்துச்சு, முங்கப் போயிட்டேன். மாத்திரைய விட்டுட்டேன்.

முருகேசன்: நீயா?

காளியம்மா: ஒரு வருசத்துல திரும்ப வந்துச்சு. இந்தத் தடவ பழைய மாத்திரைக்குக் கேக்கல. அரைகொறையா மருந்து பாத்த கிருமில, பொழச்சது மொரட்டுக் கிருமியா ஆயிருச்சுன்னாக. ரெண்டு வருசம்டா. அதுல ஆறு மாசத்துக்கு மேல ஊசி. இடுப்புல குத்த எடம் இல்லாமப் போச்சு. மூணாவது மாசம் காதுக்குள்ள வண்டு ரீங்காரம் போடுற மாதிரி கேட்டுச்சு. பொறவு வாசல்ல மணி அடிக்கிற ஐஸ் வண்டிச் சத்தம் கேக்கல. பொறவு உன் மருமகன் அம்மான்னு கூப்புடுறது கேக்கல.

(காற்றுச் சத்தம் மட்டும்.)

முருகேசன்: ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?

காளியம்மா: சொன்னா எம் மகளப் பொண்ணு கேட்டு ஒருத்தன் வருவானா? அதான் கடல் மேல பழியப் போட்டேன். கடல் கோச்சுக்காதுல்ல. (லேசாகச் சிரிக்கிறார்) இப்ப அந்த ஊசி இல்லையாம், அதுக்கும் மாத்திரையே வந்துருச்சாம். ஆனா சாதா நோயி அந்த மொரட்டு நோயா மாறிருச்சுன்னா மாத்திர கூட, சிரமமும் கூட. உனக்கு அது வேணாம்.

முருகேசன்: ...சரி. புதன்கெழம கடலுக்குப் போயிட்டு வந்து, வியாழன் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

காளியம்மா: நாளைக்கு.

முருகேசன்: நாளைக்கு டோக்கன் போடணும்க்கா.

காளியம்மா: என்ன, கேக்கல.

முருகேசன்: டோக்கன் போடணும்!

காளியம்மா: கேக்கல.

முருகேசன்: (சிரித்துவிடுகிறான்) இது கேக்காதே உனக்கு. சரி, நாளைக்கே போவோம். போனா திட்டுவாகளே.

காளியம்மா: திட்டுனா வாங்கிக்க. ஒன்பது நாளு விட்டத வீட்டுல வச்சு மொத்தமாப் போட்டு ஈடு கட்டலாம்னு மட்டும் நெனைக்காத. அவுக கணக்குப் பாத்துச் சொல்லட்டும். இன்னொண்ணு. மொத மீன் காசுல போத்தல் ஒடச்சீங்களாமே?

முருகேசன்: ஒரு... கொஞ்சம்தான்.

காளியம்மா: இந்த மாத்திரையும் சாராயமும் ரெண்டும் ஈரலத்தான் பிடிக்கும். மாத்திர முடியிற வரைக்கும் தொடாத.

(இசை. துறைமுகச் சத்தம்: எஞ்சின், கடல்காகம், பெட்டி இழுக்கும் ஓசை. தொலைபேசி மணி.)

காளியம்மா: (தொலைபேசியில்) ஹலோ! யாரு?

முருகேசன்: நாந்தேன்க்கா, துறையில இருக்கேன். போட்டுட்டேன்.

காளியம்மா: எதப் போட்ட? வலையவா?

முருகேசன்: (கொஞ்சம் உரக்க) அது இல்ல. அத... அதப் போட்டுட்டேன்.

காளியம்மா: ஒண்ணும் வெளங்கல!

முருகேசன்: (முழுக் குரலில்) டி.பி. மாத்திர! டி.பி. மாத்திர போட்டுட்டேன்!

(எஞ்சின் சத்தம் திடீரென்று தணிகிறது.)

காளியம்மா: அப்புடிச் சொல்லு. வாந்தி வருதா?

முருகேசன்: இல்லக்கா. நர்சம்மா நேரத்த மாத்திக் குடுத்துட்டாக. கடலுக்குப் போற அன்னைக்கு ஏறுறதுக்கு முன்னாடி வீட்டுலயே கொஞ்சம் கஞ்சி குடிச்சிட்டுப் போட்டுக்கச் சொன்னாக. மறுநாளுக்கு உள்ளது மூடி போட்ட டப்பாவுல, தண்ணி படாம எடுத்துக்கிட்டேன். சளியும் திரும்ப எடுத்திருக்காக. (தயங்கி) அக்கா, இங்க எல்லாரும் என்னையப் பாக்குறாக.

காளியம்மா: பாக்கட்டும். நீ மாத்திர போடுற வரைக்கும் உன்னால யாருக்கும் ஒட்டாது, சளியில கிருமி இல்லன்னு பாத்தாச்சு. மாத்திரைய விட்டவன் பக்கத்துல படுக்குறதுதான் பயம்னு சொல்லு.

முருகேசன்: இரு, டிரைவரு அண்ணன் கூப்புடுறாக... (தள்ளி நின்று) என்னண்ணே?... ஆமாண்ணே... அப்புடியா? (திரும்பி வந்து, வியப்புடன்) அக்கா, அவுக மச்சானுக்கு ஒரு மாசமா இருமலாம். எங்க போயி சளி குடுக்கணும்னு கேக்குறாக.

காளியம்மா: என்னது? சத்தமாச் சொல்லு!

(எஞ்சின் மீண்டும் ஓடுகிறது. இசை.)

அறிவிப்பாளர்: டிரைவர் அண்ணன் கேட்ட கேள்விக்கு நாங்களே பதில் சொல்லிடுறோம். பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு ஆஸ்பத்திரியோ போதும். சளிப் பரிசோதனை, மாத்திர ரெண்டும் இலவசம். ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயந்தரக் காச்சல், எடை குறையிறது, சளியில ரத்தம், இதுல எது இருந்தாலும் போயிப் பாருங்க. ஏற்கனவே மாத்திர போடுறவங்களுக்கு ஒண்ணு: ஒண்ணுக்கு ஆரஞ்சா போறது பயமில்ல. ஆனா கண்ணு மஞ்சளானாலோ, விடாம வாந்தி வந்தாலோ, பார்வை மங்குனாலோ, கை கால் மதமதன்னு ஆனாலோ, நீங்களா நிறுத்திட்டு வீட்டுல உக்காராம அன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டுங்க. இடையில மாத்திரைய விட்டவங்களும் திரும்பிப் போகலாம். காசநோய் பத்திக் கேக்க கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-11-6666. எழுதிக்கங்க, இன்னொரு தடவ சொல்றேன்: 1800-11-6666. கடல்ல இருந்து கேக்க முடியாதவங்களுக்காக இந்த நாடகம் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மறுபடியும் வரும்.