'வீடு' (1988): கதையை உடைக்காமல் ஒரு குறும் விமர்சனம்

கைபேசியில் பார்க்கும் ஒரு குறும் காணொளிக்கான எழுத்து இது. நீளம் 2 நிமிடம் 50 விநாடி. நெடுக்கான சட்டகம், 1080×1920. ஒரு குரல், ஒரு மேசை, இடப்பக்கம் ஒரு ஜன்னல். விமர்சகரின் முகம் எங்கும் வராது.

படத்திலிருந்து ஒரு விநாடிகூட எடுத்துப் போட வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒரு காரணம்; அதைவிடப் பெரிய காரணம் வேறு. இது ஒரு வீடு எழும்பும் கதை. எந்தத் துண்டை வெட்டிப் போட்டாலும் பின்னால் சுவர் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பார்க்காதவருக்கு அந்த உயரமே பாதிக் கதை. போஸ்டரும் வேண்டாம்.

மேசைக்கு வேண்டியவை: சுட்ட செங்கல் ஒன்று, கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர், பித்தளைச் செம்பு ஒன்று. படப்பிடிப்பு மாலை நான்கு மணிக்கு மேல், ஜன்னல் வெளிச்சத்தில். டியூப்லைட் அணைந்திருக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் போடுவோம், அது கீழே வருகிறது.

0:00 – 0:08

படம்: வெறும் மேசை. கை ஒன்று செங்கல்லை வைக்கிறது. வைக்கும் சத்தம் கேட்க வேண்டும். மேசைமேல் துணி விரிக்காதீர்கள், சத்தம் அமுங்கிவிடும்.

குரல்: "பாலு மகேந்திராவோட 'வீடு'. 1988. தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். பாருங்க. தள்ளிப் போடாம பாருங்க."

எழுத்து: தீர்ப்பு: கட்டாயம் பாருங்கள்

'முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்' என்று பேசிவிடக் கூடாது. படத்தின் முடிவைச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து அந்த இடத்திலேயே தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். எழுத்து சட்டகத்தின் மேல் பாதியில் நிற்கட்டும். காணொளிச் செயலியில் கீழே ஐந்தில் ஒரு பங்கைத் தலைப்பு மறைக்கும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும்.

0:08 – 0:32

படம்: நோட்டின் முதல் பக்கம் திறக்கிறது. பக்கம் காலி. காலியாகவே இருக்கட்டும்.

குரல்: "சுதா. சென்னையில ஆபீஸ் வேலை. வீட்ல தாத்தா, தங்கச்சி. குடியிருக்கறது வாடகை வீடு. ஓனர் காலி பண்ணச் சொல்றார். வேற வீடு தேடி அலைஞ்சு அலுத்துப்போயி, சரி, நாமளே சின்னதா ஒண்ணு கட்டிக்கலாம்னு இறங்கறாங்க. நான் சொல்லப்போற கதை இவ்வளவுதான். வாசப்படி வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டேன், உள்ள நீங்க போயிக்கங்க."

0:32 – 1:22

படம்: நோட்டில் பென்சில் எழுதுகிறது. செங்கல் 2 லோடு. மணல் 3 லோடு. சிமெண்ட் 40 மூட்டை. கம்பி. ஆள் கூலி. ஒவ்வொரு வரியும் எழுதி முடிக்க நான்கைந்து விநாடி. எழுதி முடித்ததும் கூட்டல் கோடு. கூட்டின தொகையைப் போடப் போன பென்சில் நிற்கிறது. ரப்பர் எடுத்து '40'-ஐ அழிக்கிறது. அழித்த இடத்தில் எதுவும் எழுதக் கூடாது. ரூபாய்த் தொகை எதுவும் பக்கத்தில் வேண்டாம்: இன்றைய விலை போட்டால் படத்தின் காலத்தோடு ஒட்டாது, அன்றைய விலை போட்டால் பார்க்கிறவர்கள் படத்தை விட்டுவிட்டு 'அப்ப எவ்வளவு மலிவு' என்று பேசப் போய்விடுவார்கள்.

எழுத்து: காரணம் 1: பதைபதைப்பு பணத்திலிருந்து வருகிறது

குரல்: "காரணம் ஒண்ணு. இதுல துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஆனா உக்காந்திருக்கற இடத்துல நெளிவீங்க. ஏன்னா கையில இருக்கற காசு இவ்வளவு, ஆகப்போற செலவு அவ்வளவு, நடுவுல பள்ளம். வீட்டுக் கடன்னா மொத்தமா கைக்கு வராது. அஸ்திவாரம், லிண்டல், கூரைன்னு கட்டங்கட்டமாத்தான் வரும். வேலை நின்னா விலைவாசி நிக்காது, வாடகை நிக்காது. கட்டினவங்களுக்கு இது தெரியும். கட்டாதவங்களுக்கும் இந்தப் படம் ஒரு வரி விளக்கம் இல்லாம புரிய வெச்சிடும். பிளான் பாஸ் பண்ண ஒரு மேசைக்கு முன்னாடி சுதா நிக்கற நிலையிலயே அந்த ஆபீஸ் எப்படின்னு நமக்குத் தெரிஞ்சுடும். தேவையில்லாம யாரையும் கத்த விடல, அழ விடல. ஒரு கதவை யாரோ தட்டினாலே நமக்கு வயித்தைக் கலக்குது."

கடைசி வாக்கியத்துக்கு முன்னால் அரை விநாடி மௌனம். ரப்பர் தேய்க்கும் சத்தம் மட்டும் அந்த இடைவெளியில் கேட்கட்டும். வீடு கட்டும்போது யாரால் எந்தத் தொல்லை வருகிறது என்று இந்தப் பகுதியில் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். சேர்க்கக் கை துறுதுறுக்கும், ஏனென்றால் படத்தின் பலமான காட்சிகள் அங்கேதான் இருக்கின்றன. அவை பார்க்கிறவருக்குச் சொந்தம்.

1:22 – 2:06

படம்: ஜன்னலோரம் பித்தளைச் செம்பு. இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் நிழல். கழுத்து வளைவில் மெல்லிய கோடாக ஒரு பளபளப்பு. பத்து விநாடி அப்படியே. பிறகு டியூப்லைட் எரிகிறது. செம்பு தட்டையாகிறது, நிழல் போகிறது, வளைவு தெரியவில்லை. நான்கு விநாடி கழித்து அணைகிறது. செம்பு திரும்ப உருண்டையாகிறது. கேமராவில் வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை முதலிலேயே பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் விளக்கு எரிந்ததும் கேமரா தானே ஈடுகட்டிவிடும், வித்தியாசம் தெரியாது. இந்தக் காட்சியே வீண்.

எழுத்து: காரணம் 2: வெளிச்சமும் முகங்களும்

குரல்: "காரணம் ரெண்டு. இந்தச் செம்பைப் பாருங்க. ஜன்னல் வெளிச்சத்துல ஒரு மாதிரி, லைட்டைப் போட்டா ஒரு மாதிரி. பாலு மகேந்திரா கேமராவைத் தானே பிடிச்சவர், வீட்டுக்குள்ள எப்படி வெளிச்சம் விழுமோ அப்படியே விட்டவர். அதனால சுதாவா வர்ற அர்ச்சனாவோட முகத்துல களைப்பு தெரியுது, வேர்வை தெரியுது. இந்தப் படத்துக்கு அவங்களுக்குத் தேசிய விருது. தாத்தாவா வர்ற சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையில வளர்ந்தவர். ஆனா இங்க மேடைக் குரலே இல்ல. நம்ம வீட்டுப் பெரியவர் ஒருத்தரைப் பாத்துட்டிருக்கற மாதிரிதான் இருக்கு. பாட்டு ஒண்ணுகூடக் கிடையாது. இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்து இசைதான் பின்னணியில அங்கங்க வருது. வர்ற இடத்துல காது கொடுங்க."

அந்த இசையை இந்தக் காணொளியில் போட வேண்டாம். உரிமை நம்முடையது இல்லை. போட்டாலும், ஐந்து விநாடித் துண்டாக இங்கே கேட்டுவிட்டவருக்குப் படத்தில் அது முதல்முறை எழும்போது கிடைக்க வேண்டியது கிடைக்காது. செங்கல், பென்சில், ரப்பர், சுவிட்ச்: இந்த நான்கு சத்தமும் குரலும் போதும். தாத்தாவைப் பற்றி இங்கே இருப்பதற்கு மேல் ஒரு அடைமொழிகூடச் சேர்க்கக் கூடாது.

2:06 – 2:38

படம்: அதே செம்பு. மெல்லிய வெள்ளைத் துணியொன்றை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மங்கலாக்குங்கள். எடிட்டிங்கில் கீறல் விளைவு போட்டுப் 'பழைய படம்' ஆக்க வேண்டாம். கிடைக்கும் பிரதியின் குறை அலங்காரம் அல்ல.

எழுத்து: எச்சரிக்கை: பிரதி மங்கல்

குரல்: "ஒரே ஒரு எச்சரிக்கை. நமக்குக் கிடைக்கற பிரதி நல்லா இல்ல. மூல நெகட்டிவ் அழிஞ்சு போச்சுன்னு பாலு மகேந்திராவே உயிரோட இருந்தப்ப வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கார். அதனால நிறம் வெளிறியிருக்கும், இருட்டான காட்சியில விவரம் தெரியாது, வசனம் சில இடத்துல அமுங்கும். பகல் வெளிச்சத்துல, பஸ்ல, போன்ல பாத்தீங்கன்னா இப்ப நான் சொன்ன ரெண்டாவது காரணமே உங்களுக்குக் கிடைக்காது. படம் மெதுவா இருக்குன்னு தப்பா நினைச்சு நிறுத்திடுவீங்க."

இந்தப் பகுதியை அவசரமாகப் பேசக் கூடாது. இந்தப் படத்தைப் பாதியில் விட்டவர்களில் பலர் விட்டது படத்தை அல்ல, மோசமான பிரதியை.

2:38 – 2:50

படம்: துணி விலகுகிறது. பொழுது சாய்ந்துவிட்டது, ஜன்னல் வெளிச்சம் செங்கல்லின் ஒரு விளிம்பில் மட்டும். மேசையில் அதே ஒரு செங்கல்தான். இரண்டாவது செங்கல் வைத்து முடிக்க ஆசை வரும். வைத்தால் அதுவும் ஒரு குறிப்பாகிவிடும்.

குரல்: "ராத்திரி, பெரிய திரையில, லைட்டை அணைச்சுட்டு, ஹெட்போன் போட்டுக்கிட்டு. முதல் பதினஞ்சு நிமிஷம் கண்ணும் காதும் பழகற வரைக்கும் பொறுங்க. வீட்ல பெரியவங்க இருந்தா கூட உக்கார வெச்சுக்கங்க."

குரல் பதிவுக்கு

மொத்தப் பேச்சையும் கடிகாரம் வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 2 நிமிடம் 50 விநாடியைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். காரணம் இரண்டில் தேசிய விருது வாக்கியத்தை எடுத்துவிடலாம், அது எழுத்தாகக் கீழே விவரக்குறிப்பில் இருக்கிறது. எச்சரிக்கையில் கை வைக்க வேண்டாம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி; 'ப', 'ட' விழும் இடங்களில் காற்று அடிக்காமல் மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். 'வீடு' என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அழுத்தம் தேவையில்லை. முதல் முறை மட்டும்.

படத்துக்குக் கீழே போகும் விவரக்குறிப்பு

வீடு (1988). திரைக்கதையும் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் இயக்கமும் பாலு மகேந்திரா. நடிப்பு: அர்ச்சனா, பானு சந்தர், சொக்கலிங்க பாகவதர். இசை: இளையராஜா. 35-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகை.

தீர்ப்பு: கட்டாயம் பாருங்கள். காரணங்கள்: பணக் கணக்கிலிருந்தே எழும் பதைபதைப்பு, இயல்பான வெளிச்சத்தில் நடிப்பே தெரியாத முகங்கள். எச்சரிக்கை: பிரதி மங்கல், இரவில் பெரிய திரையில் பாருங்கள்.

இணையத்தில் இருக்கும் கதைச் சுருக்கங்கள் கடைசிக் காட்சிவரை சொல்லிவிடுகின்றன. படத்தைத் தேடும்போது பெயரையும் ஆண்டையும் மட்டும் தட்டி, நேராகப் படத்துக்குப் போய்விடுங்கள்.