விட்டுப்போன அடி

மேம்பாலத்தின் ஏற்றத்தில்தான் முதலில் கேட்டது. இன்ஜினின் துடிப்பில் ஒரே ஓர் அடி விட்டுப்போனது. ஆட்டோவின் கூரைத் துணியில் மழை அறைந்துகொண்டிருந்த இரைச்சலில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. செல்வராசு தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்தார். பதினோரு ஆண்டுகளாக முதுகுக்குப் பின்னால் ஓடும் இன்ஜின் அது.

இரண்டாவது முறை விட்டபோது சைலன்சரில் 'படார்' என்று வெடித்தது. பின்னிருக்கையில் இருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மழைக்கோட்டுக்குள் வெள்ளைச் சீருடை. பத்து மணிக்கு இரவுப் பணியில் இருக்க வேண்டியவர்.

"என்ன அண்ணே, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா?"

"பெட்ரோல் இல்லையென்றால் இப்படிக் கத்தாது அம்மா. இளைத்து இளைத்து அடங்கும்."

கார்புரேட்டரில் தண்ணீர் இறங்கியிருந்தாலும் அப்படித்தான், மூச்சு முட்டுகிறவன் போல இன்ஜின் படிப்படியாகத் தளரும். இது தளரவில்லை. நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே கத்தரித்தது போல ஓர் அடி காணாமல் போகிறது. எரியாமல் வெளியேறிய பெட்ரோல் சைலன்சரின் சூட்டில் பற்றி வெடிக்கிறது. பெட்ரோல் வருகிறது, நெருப்புத்தான் வரவில்லை.

ஏற்றத்தில் இரண்டு முறை உதறி, மூன்றாவது முறை நின்றேவிடும் போலிருந்தது. எப்படியோ உச்சியைத் தாண்டி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டே போய், பாலத்துக்கு அடியில் மழை படாத இடத்தில் ஓரங்கட்டினார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் உடனே சமர்த்தாகிவிட்டது. டப டப டப என்று பிசிறே இல்லை.

"இப்போது சரியாகிவிட்டதே?"

"சுமை இல்லை, அதனால்தான்."

இன்ஜின் மூடியைத் திறந்து, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு மறு காதைக் கொடுத்தார். அந்தப் பெண் உதவி செய்வதாக எண்ணிக் கைப்பேசி விளக்கை நீட்டினார். "வேண்டாம் அம்மா, அணைத்துவிடுங்கள்" என்றார் செல்வராசு. பழுது பார்க்கிறவன் வெளிச்சம் வேண்டாம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தப் பெண் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

ஆக்சிலேட்டர் கேபிளைப் பிடித்து ஒரு முறை வெடுக்கென்று இழுத்தார். இன்ஜின் உறுமியது. உறுமலுக்குள், நகத்தால் தகரத்தைச் சுண்டியது போல ஒரு 'டிக்'. மீண்டும் இழுத்தார். டிக், டிக். ப்ளக்கின் தலையிலிருந்து அல்ல, அதற்கு ஒரு விரற்கடை முன்னால்.

"ப்ளக் வயர். கேப்புக்குப் பக்கத்தில் தோல் கிழிந்திருக்கிறது. வருகிற நெருப்பு பாதி வழியிலேயே பாடிக்குத் தாவி விடுகிறது. இப்போது பாருங்கள்."

மூன்றாவது முறை இழுத்தபோது, கறுப்பு வயரிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு நூலிழை போல நீல ஒளி ஒன்று துள்ளி மறைந்தது.

இன்ஜினை அணைத்தார். இப்போது விளக்கைக் கேட்டு வாங்கினார். வயர் சட்டத்தில் உரசி உரசிக் கீறல் விழுந்திருந்தது. சேற்றுத் தண்ணீர் அதற்குள் இறங்கியிருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து பிளேடும் பழைய துணியும் சைக்கிள் டியூப் துண்டும் வந்தன. சூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டு கேப்பைத் திருகிக் கழற்றினார். கீறல் விழுந்த நுனியை அறுத்தார். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பளிச்சென்ற செம்பு தெரியும்வரை இன்னும் கொஞ்சம் அறுத்தார்.

"என்னிடம் பிளாஸ்டர் இருக்கிறது, ஒட்டலாமா?"

"துணிப் பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும் அம்மா. மனிதனுக்குச் சரி, இதற்கு ரப்பர்தான்."

கேப்புக்குள்ளும் ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் ஈரம் போகத் துடைத்தார். வயரின் நுனியில் கேப்பைத் திருகி, உள்ளிருக்கும் திருகாணி செம்பைக் கடித்ததா என்று இழுத்துப் பார்த்தார். டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்து அந்த இணைப்பின் மேல் சுற்றினார். இன்னொரு துண்டால், வயர் சட்டத்தைத் தொடாதபடி விலக்கிக் கட்டினார். எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நிமிடம். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றதால் கணக்குத் துல்லியம்.

கிளம்பியதும் செல்வராசு ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருந்தார். அது வந்தது. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினார். ஓர் அடிகூட விடவில்லை.

"ஒன்பது ஐம்பதுக்குள் போய்விடுவோம் அண்ணே" என்ற குரலில் நிம்மதி தெரிந்தது. பிறகு அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார்.

வலது வளைவில் திரும்பும்போது இடது பின்சக்கரத்திலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்தது. வளைவு முடிந்ததும் அடங்கியது. பேரிங். செல்வராசு கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தார். அவர் தூங்கிவிட்டிருந்தார். அடுத்த வளைவை இன்னும் மெதுவாகத் திரும்பினார்.