அறை யாருக்கு?

(வாத்தியக்காரர்களுக்கு: பல்லவி திஸ்ர நடையில், கைத்தட்டு வாங்குகிற வேகம். சைக்கிள் சரணத்தில் தாளம் வேண்டாம், கீபோர்டு மட்டும். நான் கையைத் தூக்கினால் எல்லோரும் நிறுத்திவிடுங்கள்.)

பேச்சு, இசை இல்லாமல்

எல்லோருக்கும் வணக்கம். நான் மணப்பெண்ணின் தம்பி. 22 வருடமாக அக்கா பேசினாள், நான் கேட்டேன். இன்று மைக் என் கையில் இருக்கிறது. அவளோ போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும், கோபப்படவும் முடியாது. இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்காது.

உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். நான் "யாருக்கு?" என்று கேட்டால், "உனக்கு! உனக்கு!" என்று கத்த வேண்டும். ஒருமுறை பார்ப்போமா? யாருக்கு?

(கூட்டம் கத்தும்வரை காத்திருந்து)

பெண் வீட்டுக் குரல் கேட்டது. மாப்பிள்ளை வீட்டில் இன்னும் யோசிக்கிறீர்கள். மறுபடியும், யாருக்கு? சரி, இது போதும். அண்ணே, ஆரம்பிக்கலாம்.

தொகையறா (மெதுவாக, தாளம் இல்லாமல்)

ஓர் அறை, அதிலே இரண்டு கட்டில்,
நடுவில் சாக்பீஸால் நீ போட்டாய் கோடு.
ஜன்னல் உன் பக்கம், விசிறி உன் பக்கம்,
கண்ணாடி, அலமாரி எல்லாம் உன் பக்கம்,
கதவும்... உன் பக்கம்!
வெளியே போக அனுமதி கேட்டே
வளர்ந்து வந்தவன் உன் தம்பி!

பல்லவி

அக்கா கொடுத்த அறைகள் எல்லாம்
அத்தனையும் யாருக்கு?
(எல்லோரும்) உனக்கு! உனக்கு!
அக்கா கிளம்பிப் போகிறாளே,
அந்த அறை இனி யாருக்கு?
(எல்லோரும்) உனக்கு! உனக்கு!

கன்னம் வாங்கிய அறைக்கு ஈடாய்க்
கட்டில் போட்ட அறை கிடைத்தது!
எத்தனை வருடம் காத்துக் கிடந்தேன்,
இன்றுதானே அது நடந்தது!

சரணம் 1

காலை ஐந்துக்கு ஓர் அலாரம்,
ஐந்து பத்துக்கு இன்னொன்று,
ஆறு மணி ஆகும் முன்னே
ஆறும் அடிக்கும் ஒவ்வொன்றாய்!

அம்மா எழுவாள், அப்பா எழுவார்,
அடுத்த வீடும் எழுந்துவிடும்,
அலாரம் வைத்த அக்கா மட்டும்
போர்வைக்குள்ளே சுருண்டுவிடும்!

எழுந்து எழுந்து அணைக்கும் வேலை
இத்தனை வருடம் நான் பார்த்தேன்,
சம்பளம் இல்லை, லீவும் இல்லை,
அத்தான், உங்களிடம் சேர்த்தேன்!

(பல்லவியின் முதல் ஆறு வரி)

சரணம் 2

பதினோரு மணிக்கு அக்கா போனில்
பளிச்சென்று ஒரு பேர் வந்தது,
"கஸ்டமர் கேர்"தான் என்று நினைத்துக்
காதில் வைத்தேன், குரல் வந்தது:

(இசை நிற்கிறது. குழைவான ஆண் குரலில்)
"சாப்பிட்டாயா?"

(மறுபடி தாளம்)
எந்தக் கம்பெனி ராத்திரி நேரம்
இத்தனை அன்பாய் நலம் கேட்கும்?
எந்தக் கம்பெனி தம்பி குரல் கேட்டு
எச்சில் விழுங்கிப் போன் வைக்கும்?

அத்தான், அத்தான், அந்தக் குரலை
அன்றே கண்டுபிடித்தேன் நான்,
அப்பா காதில் போடாதிருக்க
ஆறு மாதம் லஞ்சம் வாங்கினேன் நான்!

பேச்சு (கீபோர்டில் காத்திருப்பு இசை, பதிவு செய்த குரல் மாதிரி, உணர்ச்சியே இல்லாமல்)

வணக்கம் அத்தான். எங்கள் சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. அக்கா கோபமாக இருந்தால் எண் 1ஐ அழுத்தவும். எதற்குக் கோபம் என்று தெரியாவிட்டால் எண் 2. கோபம் உங்கள்மேல்தான் என்று தெரிந்துவிட்டால் எண் 3ஐ அழுத்திக்கொண்டே மன்னிப்புக் கேட்கவும். எங்கள் அதிகாரியிடம் நேரடியாகப் பேச எண் 9. அதிகாரி நான்தான். தற்போது பாடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்.

சரணம் 3

வீட்டுக்கு முதல்நாள் வந்தார் அத்தான்,
வேர்த்துப் போச்சு சட்டையெல்லாம்,
என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்றார்,
எனக்கே சிரிப்பு வந்ததப்பா!

டேய் என்றும் போடா என்றும்
தினமும் கேட்ட காதுக்குள்ளே
சார் என்ற சொல் நுழைந்ததனால்
சரி, இவர்தான் என்றேன் உள்ளே!

(கொஞ்சம் இறங்கி, பேசுகிற மாதிரி)
அப்பா சொன்ன பழைய ஜோக்குக்கு
அழகாய்ச் சிரித்தார், அது சும்மா!
எல்லோரும் பேசும் சத்தத்தில்
அக்கா ஒருமுறை தும்மினாள்,

யாரும் அதைக் கவனிக்கவில்லை,
எழுந்தார் அத்தான், பேசவில்லை,
விசிறி வேகம் ஒன்றைக் குறைத்து
வந்து உட்கார்ந்தார், காட்டவில்லை.

"சார்" என்பதை நானே தள்ளிவிட்டேன்,
சத்தியமாய் அந்த நொடியில்தான்
அத்தான் என்ற வார்த்தை எனக்கு
ஆசையாய் வந்தது வாயில்தான்!

பேச்சு (தபேலா மட்டும் மெல்ல)

அப்பா, நீங்கள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் போதும். அம்மா, நீங்களும்தான். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

சரணம் 4

கணக்குத் தாளில் பதினேழு மார்க்கு,
அப்பா கையெழுத்து வேண்டும் அதற்கு,
காட்டினால் வீடே இரண்டாய்ப் போகும்,
கண்ணீர் முட்டியது தம்பிக்கு!

பழைய பேப்பர் ஓரம் முழுக்கப்
பத்து முறை நீ போட்டுப் பார்த்தாய்,
அப்பா கீழே வைக்கும் அந்த
ரெண்டு புள்ளியும் சேர்த்து வைத்தாய்!

(அப்பாவைப் பார்த்து, வேகமாக) மன்னித்துவிடுங்கள் அப்பா, போட்டது அவள்!

அன்று தொடங்கி ஒரு மாதம்
அக்கா முன்னால் கணக்குப் பாடம்,
தப்புக்கு ஒன்று, தூங்கினால் ரெண்டு,
தலைமை ஆசிரியரே தோற்றுப் போவார்!

அடுத்த தேர்வில் எழுபத்தொன்று,
அதையும் காட்டினேன் முகம் நிமிர்ந்து,
அந்த மார்க்கில் பாதி எல்லாம்
அவள் கை தந்தது, கன்னம் சிவந்து!

(பல்லவி முழுவதும், இந்த முறை கைத்தட்டலோடு)

சரணம் 5 (தாளம் நிற்கிறது. கீபோர்டு மட்டும்)

சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தாய்,
சீட்டைப் பிடித்து ஓடி வந்தாய்,
"விட்டுடாதே அக்கா" என்றேன்,
"பிடிச்சிருக்கேன், போடா" என்றாய்.

தெருமுனை வரைக்கும் மிதித்த பின்னே
திரும்பிப் பார்த்தேன், நீ இல்லை,
தூரத்தில் நின்று இரு கையும் வீசிக்
கத்தினாய் இன்னும் அதே சொல்லை.

"பிடிச்சிருக்கேன்... பிடிச்சிருக்கேன்..."

(ஒரு மூச்சு)
அப்புறம் ஒருநாள் கூடத்தில் வைத்து
அப்பா கேட்டார், நீ நின்றாய்,
கால் பெருவிரலைப் பார்த்தபடியே
"பிடிச்சிருக்கு" என்றுதான் சொன்னாய்.

கிட்டத்தட்ட அதே சொல், அதே குரல்தான்,
எனக்கு மட்டும் அது கேட்டது,
சீட்டைப் பிடித்த அந்தக் கை
சத்தமில்லாமல் விட்டது.

(நிறுத்தி, சாதாரணக் குரலில்) அக்கா, கேமரா பார்க்கிறது. சிரி. ம்... அது சிரிப்பு இல்லை, பரவாயில்லை.

(தாளம் மெல்லத் தொடங்குகிறது)
இன்றைக்கு உன் முறை, மிதி அக்கா,
இந்த முறை நான் பின்னால் வருவேன்,
"பிடிச்சிருக்கேன்" என்று கத்திக் கத்திக்
கையை எடுத்தே கூட வருவேன்.

அத்தான் பக்கத்தில் வருவார், பாரு,
அவருக்கும் பாதை புதுசுதான்,
பிரேக்கை மட்டும் நீயே பிடி,
அதில் நீ ரொம்பக் கெட்டிதான்!

முடிவு (மறுபடி பல்லவி வேகம்)

இன்று காலை எல்லோரும் கிளம்ப,
ஏதோ மறந்ததாய்த் திரும்பினேன்,
அழிந்து போன சாக்பீஸ் கோட்டை
அறைக்குள் மீண்டும் வரைந்தேன்.

ஜன்னல் உன் பக்கம், விசிறி உன் பக்கம்,
கண்ணாடி, அலமாரி உன் பக்கம்,
ஒன்றே ஒன்றை மாற்றிவிட்டேன்,
கதவு மட்டும் என் பக்கம்!

அக்கா கொடுத்த அறைகள் எல்லாம்
அத்தனையும் யாருக்கு?
(எல்லோரும்) உனக்கு! உனக்கு!
அக்கா கிளம்பிப் போகிறாளே,
அந்த அறை இனி யாருக்கு?
(எல்லோரும்) உனக்கு! உ...

(கையைத் தூக்கி நிறுத்துகிறேன்)

இல்லை, இல்லை, தப்பாய்ச் சொன்னீர்,
கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுக்கு!
அத்தான் கூட வந்தார் என்றால்
அவள் பாதியில்தான் இடம் இருக்கு!

கதவு என் பக்கம், தட்ட வேண்டாம்,
அனுமதி கேட்க வேண்டாம் அக்கா,
எந்த நேரம் வந்தாலும் சரி,
எழுந்து வந்து திறப்பேன் அக்கா!

ஆனால் அந்த ஆறு அலாரம்...

(இசை சட்டென்று நிற்கிறது. கீபோர்டில் அலாரம் ஓசை. மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, அத்தானைக் கைகாட்டி)

யாருக்கு?

(எல்லோரும்) அத்தானுக்கு! அத்தானுக்கு!