சீனியர் டேட்டா இன்ஜினியர் பணி: வியாழன் மாலைக்குள் முடிவு தெரிந்தால் உதவியாக இருக்கும்

திங்கள், காலை 11.20. ஹெச்.ஆர். அதிகாரிக்கு மின்னஞ்சல்

வணக்கம் சுமதி மேடம்,

சீனியர் டேட்டா இன்ஜினியர் பணிக்கான மூன்றாவது சுற்று போன புதன்கிழமை முடிந்தது. அடுத்து டைரக்டருடன் ஒரு சந்திப்பு, அதன் பிறகு சம்பளப் பேச்சு என்று சொல்லியிருந்தீர்கள். இதற்கிடையில் என் பக்கம் ஒரு மாற்றம். அதை உடனே உங்கள் காதில் போட்டுவிடுவதுதான் முறை என்று எழுதுகிறேன்.

இன்று காலை வேறொரு நிறுவனத்திலிருந்து எனக்கு ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. பதவி, சம்பளம், சேர வேண்டிய தேதி எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. முதலில் புதன்கிழமைக்குள் பதில் கேட்டார்கள். ஃபோனில் பேசி, வெள்ளி மாலை 5 மணி வரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். இன்னொரு முறை கேட்டால் எனக்கு விருப்பமில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு உங்கள் நிறுவனத்தில் சேரத்தான் விருப்பம். இரவில் ஓடும் பேட்ச் வேலைகளை ஸ்ட்ரீமிங்குக்கு மாற்றும் திட்டத்தைப் பற்றி இரண்டாவது சுற்றில் விரிவாகப் பேசினோம். இப்போதைய வேலையில் நான் செய்துகொண்டிருப்பதும் அதுதான். அந்த இன்னொரு இடத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே ஓடும் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் எந்தப் பக்கம் போவேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

ஆகவே என் வேண்டுகோள்: வியாழன் மாலை 6 மணிக்குள் உங்கள் முடிவைத் தெரிவிக்க முடியுமா? வெள்ளி என்று கேட்காததற்குக் காரணம், கடிதத்தைப் படித்து, சந்தேகம் இருந்தால் மறுநாள் காலை உங்களிடம் கேட்டுக்கொள்ள எனக்குச் சில மணி நேரம் வேண்டும். வியாழன் மாலை கடிதம் கைக்கு வந்தால் வெள்ளி மதியம் 2 மணிக்குள் உறுதியான பதில் தந்துவிடுவேன்.

என் பக்கத்தால் தாமதம் ஆகக்கூடாது என்பதற்காகச் சில விவரங்கள்.

டைரக்டர் சந்திப்புக்கு நாளை காலை 8 முதல் 9.30 வரை, மதியம் 1 முதல் 2 வரை, மாலை 6-க்குப் பிறகு எந்த நேரமும் சரி. புதன்கிழமை லீவு சொல்லிவிட்டேன், அன்று முழுக்க வரலாம். நேரில் என்றாலும் சரி, வீடியோ காலில் என்றாலும் சரி.

ரெஃபரன்ஸுக்கு இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இருவரும் முந்தைய நிறுவனத்தில் என் மேலாளர்களாக இருந்தவர்கள். பெயரும் எண்ணும் விண்ணப்பப் படிவத்தில் ஏற்கெனவே உள்ளன, இன்றே கூப்பிடலாம். இப்போதைய மேலாளரை மட்டும் நான் கையெழுத்திடும் வரை தொடர்புகொள்ள வேண்டாம். நான் வேலை தேடுவது அவருக்குத் தெரியாது.

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பட்டச் சான்றிதழ், முந்தைய நிறுவனத்தின் அனுபவக் கடிதம் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக இணைத்திருக்கிறேன். வழக்கமாக ஆஃபர் முடிவான பிறகு கேட்பீர்கள். இரண்டு நாள் அதிலேயே போய்விடக்கூடாது.

சம்பளத்தைப் பொறுத்தவரை முதல் அழைப்பில் சொன்ன எதிர்பார்ப்பேதான் இப்போதும். இன்னொரு ஆஃபரைக் காட்டி ஏலம் விடும் எண்ணம் இல்லை. அதனால்தான் அந்த நிறுவனத்தின் பெயரையும் தொகையையும் இங்கே எழுதவில்லை.

வியாழனுக்குள் முடியவே முடியாது என்றாலோ, வேறொருவரை முடிவு செய்துவிட்டீர்கள் என்றாலோ, தயங்காமல் சொல்லிவிடுங்கள். வருத்தம் இருக்கும், ஆனால் தெரியாமல் காத்திருப்பதைவிட அது எனக்கு உதவி.

நாளை காலை 10.30 மணிக்கு ஃபோன் செய்கிறேன். அதற்கு முன் உங்களுக்கு வசதியான நேரம் இருந்தால் கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
நந்தினி

திங்கள், காலை 11.45. டீம் மேலாளருக்கு மின்னஞ்சல்

வணக்கம் பிரகாஷ் சார்,

போன வாரம் உங்களோடு பேசியது பயனுள்ளதாக இருந்தது. தாமதமாக வந்துசேரும் ரெக்கார்டுகளை எப்படிக் கையாள்வது என்ற கேள்வியில் பாதியில் நின்றோம். அதற்கு நான் யோசித்ததை ஒரு பக்கத்தில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தி: வேறொரு இடத்திலிருந்து எழுத்துபூர்வமான ஆஃபர் வந்திருக்கிறது, வெள்ளி மாலை 5 மணி கெடு. சுமதி மேடத்துக்கு முழு விவரமும் எழுதிவிட்டேன். அவரைத் தாண்டிப் போவதாக நினைக்க வேண்டாம், இந்த மின்னஞ்சலில் அவரையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் டீமில் சேரவே விருப்பம். டைரக்டர் சந்திப்பை இந்த வாரத்துக்குள் வைக்க உங்கள் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.

நந்தினி

புதன், காலை 9.10. ஹெச்.ஆர். அதிகாரிக்கு, அதே மின்னஞ்சல் தொடரில்

வணக்கம் மேடம்,

நேற்று ஃபோனில் பேசியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டதைப் பதிவுக்காக எழுதுகிறேன்: மூன்று சுற்றுகளிலும் கருத்து சாதகமாக இருக்கிறது, டைரக்டர் பயணத்தில் இருப்பதால் அடுத்த திங்கள்தான் அலுவலகம் வருவார், அவர் ஒப்புதல் இல்லாமல் கடிதம் வெளியே போகாது. தவறாக எதையாவது எழுதியிருந்தால் திருத்துங்கள்.

திங்கள் என்றால் என் கெடு தாண்டிவிடும். ஆகவே மூன்று வழிகள் தோன்றுகின்றன, எது உங்கள் நடைமுறைக்கு ஒத்துவருமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

அவர் இருக்கும் இடத்திலிருந்தே இருபது நிமிட வீடியோ அழைப்பு. விடிகாலையோ நள்ளிரவோ, நான் தயார்.

அல்லது, அவர் அந்த மூன்று சுற்றுகளின் மதிப்பீட்டைப் படித்துவிட்டு மின்னஞ்சலில் ஒப்புதல் தருவது. நேர்முகம் கட்டாயம் இல்லையென்றால் இதுதான் சுலபம்.

அதுவும் முடியாவிட்டால், பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு ஆஃபர். எனக்கு 60 நாள் நோட்டீஸ் காலம் இருக்கிறது, சரிபார்ப்பு அதற்குள் தாராளமாக முடியும். ஆனால் ஒன்று: சரிபார்ப்பு முடிந்து நீங்கள் உறுதி செய்யும் வரை இங்கே ராஜினாமா கொடுக்க மாட்டேன். சேரும் தேதியை அதற்கேற்பக் கணக்கிட வேண்டியிருக்கும்.

"நீங்கள்தான், கவலைப்படாதீர்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் அதை நம்பி கையில் இருக்கும் ஆஃபரை விட முடியாது. பதவி, மொத்தச் சம்பளம், சேரும் தேதி இந்த மூன்றும் உங்கள் அலுவலக மின்னஞ்சலிலிருந்து வந்தால் போதும். முறையான கடிதம் அடுத்த வாரம் வந்தாலும் பரவாயில்லை.

இன்று மதியம் 3 மணிக்குள் எந்த வழி என்று மட்டும் தெரிந்தால், மாலையை அதற்கேற்ப ஒதுக்கி வைப்பேன்.

நந்தினி

வியாழன், மாலை 6.15. ஹெச்.ஆர். அதிகாரிக்கு வாட்ஸ்அப்

மேடம், நேற்று இரவு டைரக்டருடன் வீடியோ காலில் பேசினேன், ஏற்பாடு செய்ததற்கு நன்றி. கடிதம் இன்னும் வரவில்லை. ஃபைனான்ஸ் ஒப்புதலில் நிற்கிறது என்று பிரகாஷ் சார் சொன்னார். நாளை மதியம் 2 மணி வரை காத்திருக்க முடியும். அதற்குள் மின்னஞ்சல் வந்தால் 4 மணிக்குள் சம்மதம் அனுப்பிவிடுவேன். வராவிட்டால் 4.30-க்கு அந்த ஆஃபரை ஏற்றுக்கொண்டு, உங்களுக்கும் உடனே தகவல் சொல்லிவிடுவேன். நாளை காலை 10 மணிக்கு ஒரு முறை கூப்பிடுகிறேன், எடுக்க முடியாவிட்டால் ஒரு வரி மெசேஜ் போதும்.