ஸ்டோமா பராமரிப்பு: முருகேசன் ஐயாவின் வீட்டாருக்கு

வணக்கம்.

அப்பாவை நாளைக் காலை டிஸ்சார்ஜ் செய்கிறோம். வார்டில் பை மாற்றும்போது மகளும் மருமகளும் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். மகள் ஒருமுறை தானே மாற்றவும் செய்தார். ஆனாலும் வீட்டில் முதல் தடவை செய்யும்போது எது முன்னே எது பின்னே என்று குழம்பும். அதற்குத்தான் இந்தக் கடிதம். பை வைக்கும் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பெருங்குடலின் கடைசி வளைவில் கட்டி இருந்த பகுதியை டாக்டர் வெட்டி எடுத்துவிட்டு, குடலின் மேல்முனையை இடது அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார். அதுதான் ஸ்டோமா. கீழ்முனையை மூடிவிட்டதால் மலக்குடல் அப்படியே உள்ளே இருக்கிறது. ஆகவே ஆசனவாய் வழியாக அவ்வப்போது சளி வரும், மலம் வருகிற மாதிரி உணர்வும் இருக்கும். டாய்லெட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், முக்கக் கூடாது. ரத்தமோ நாற்றமான சீழோ வந்தால் மட்டும் எங்களிடம் சொல்லுங்கள்.

ஸ்டோமா உதட்டின் உள்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது. வலி தெரியாததால், நகம் கீறினாலும் பையை மாட்ட தோலில் ஒட்டும் தட்டின் விளிம்பு அறுத்தாலும் அப்பாவுக்குத் தெரியாது. நீங்கள்தான் பார்க்க வேண்டும். துடைக்கும்போது இரண்டொரு சொட்டு ரத்தம் கசிந்தால் ஈரத்துணியால் லேசாக அழுத்திப் பிடியுங்கள், நின்றுவிடும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள். பாதிக்கு மேல் விட்டால் கனத்தில் தட்டு தோலிலிருந்து பிரியும். உங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட் என்று சொன்னீர்கள். இப்போதைக்கு அவரைக் குந்த வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, பையின் வாயை ஒரு மக்கில் விட்டு கிளிப்பைத் திறந்து காலி செய்து, பிறகு டாய்லெட்டில் கொட்டிவிடலாம். பையின் வாயை உள்ளும் வெளியும் டிஷ்யூவால் துடைத்த பிறகே கிளிப்பைப் போடுங்கள். நாற்றம் வருகிறது என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் இந்த வாய்தான், பை அல்ல. காற்று நிறைந்து பை உப்பினால் ஊசியால் குத்தாதீர்கள். தட்டிலிருந்து பையின் மேல் விளிம்பைச் சற்றே விலக்கிக் காற்றை விட்டு மறுபடி அழுத்துங்கள்.

தோலில் ஒட்டும் தட்டை 4 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். காலையில் காபி குடிக்கும் முன் மாற்றுங்கள். வயிற்றில் ஏதாவது இறங்கிவிட்டால் குடல் அசைய ஆரம்பித்து, மாற்றிக்கொண்டிருக்கும்போதே மலம் வரும். 57 மி.மீ. தட்டு, அதே அளவுப் பை, அளவு அட்டை, பேனா, வளைந்த கத்தரி, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய பருத்தித் துணி, ஸ்டோமா பவுடர், பேஸ்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே பழையதைக் கழற்றுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மேலிருந்து கீழாக, ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு தட்டை மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து உரியும்.

உரித்த தட்டைத் தூக்கிப் போடும் முன் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் பசை ஊறிக் கரைந்து மலம் புகுந்திருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் அடுத்த கசிவு வரும். அங்கே தோலில் பள்ளமோ மடிப்போ இருக்கும். அடுத்த தட்டை ஒட்டும்போது அந்த இடத்தில் பேஸ்ட்டை வைத்து நிரவுங்கள்.

தோலை வெறும் தண்ணீரால் துடைத்து, ஒற்றி எடுத்துக் காய விடுங்கள். டெட்டால், ஸ்பிரிட், தேங்காய் எண்ணெய், முகத்துக்குப் போடும் பவுடர், குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் தட்டு ஒட்டாது. மருந்து நெடி உள்ளவை தோலை எரிக்கும். தோல் சிவந்து ஈரமாக இருந்தால் மட்டும் ஸ்டோமா பவுடரை லேசாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். அதிகமாகப் போட்டாலும் தட்டு ஒட்டாது.

இப்போது அளவு. இன்று ஸ்டோமா 35 மி.மீ. இருக்கிறது, அதனால் ஓட்டையை 38 மி.மீ. வெட்டுங்கள். ஆனால் வீக்கம் வற்ற வற்ற ஸ்டோமா 6 முதல் 8 வாரம் வரை சுருங்கிக்கொண்டே வரும். பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால் சுற்றிலும் தோல் திறந்து கிடக்கும், மலம் பட்டுப் புண்ணாகும். சின்னதாக வெட்டினால் விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். ஆகவே வாரம் ஒருமுறை அட்டையை வைத்துப் பார்த்து, எப்போதும் 2 முதல் 3 மி.மீ. மட்டும் கூடுதலாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை விரலால் தடவி மழுங்க வையுங்கள். தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்கி ஒட்டி, உள்விளிம்பிலிருந்து வெளியே இரண்டு நிமிடம் அழுத்துங்கள். பையை மாட்டும்போது கீழிருந்து தொடங்கி, சுற்றிலும் டப்பென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு லேசாக இழுத்துப் பாருங்கள்.

கசிந்தால் மேலே பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிக்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விலையை நினைத்து எல்லாரும் செய்வது இதுதான். உள்ளே மலம் தோலோடு ஒட்டிக்கிடக்கும். ஒரே ராத்திரியில் தோல் வெந்துவிடும். வெந்த தோலில் அடுத்த தட்டு நிற்காது, தினம் ஒன்று செலவாகும். நடுராத்திரி ஆனாலும் உடனே மாற்றுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அரிப்போடு சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் பரவுகின்றனவா என்றும் பாருங்கள். அது பூஞ்சை, மருந்து தர வேண்டும்.

அப்பா கட்டியிருக்கும் அரைஞாண் கயிறு தட்டின் கீழ் விளிம்பில் உரசுகிறது. அவரிடம் பேசிக் கழற்றிவிடுங்கள், மனசு ஒப்பாவிட்டால் இன்னும் கீழே இறக்கிக் கட்டுங்கள். வேட்டி முடிச்சும் ஸ்டோமா மேல் வரக்கூடாது. குளிக்கலாம், பையோடும் பை இல்லாமலும். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எதையும் தூக்க வேண்டாம். தையல் பக்கத்தில் குடல் பிதுங்கிவிடும். எப்போதிலிருந்து தூக்கலாம் என்பதை டாக்டர் சொல்வார்.

சாப்பாட்டில் முதல் 6 வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், ரசம், மோர், தோல் சீவி வேகவைத்த காய், மீன் என்று போகட்டும். கீரைத்தண்டு, சுண்டல், பலாப்பழம், தேங்காய்த் துருவல் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முட்டைகோஸும் மொச்சையும் காற்றைக் கூட்டும், அவ்வளவுதான், கெடுதல் இல்லை. டாக்டர் தடை சொல்லாதவரை நாளுக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். வலி மாத்திரையால் மலம் இறுகலாம், நீங்களாக எனிமா கொடுத்துவிடாதீர்கள்.

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், உள்ளிருந்து ரத்தம் நிற்காமல் வந்தால், குடல் திடீரென்று நீளமாக வெளியே தள்ளினால் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். 24 மணி நேரம் மலமோ காற்றோ வராமல் வயிறு உப்பி, வாந்தியோ வலியோ இருந்தாலும் அப்படியே. வாயில் எதுவும் கொடுக்காமல் கூட்டிவாருங்கள். காய்ச்சல், தையலில் சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

கழற்றிய பையைக் காலி செய்து, செய்தித்தாளில் சுற்றிக் கவரில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும். புதிய தட்டுகளை ஜன்னல் வெயிலிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்காதீர்கள்.

அடுத்த வியாழன் காலை 9 மணிக்கு அறுவைச் சிகிச்சை வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். ஒரு தட்டு, ஒரு பை, இந்தக் கத்தரி மூன்றையும் எடுத்து வாருங்கள். அன்று மகள் மாற்றட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டோமா பராமரிப்புச் செவிலியர்,
பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவு, மதுரை