வாராந்திர நிலை அறிக்கை: வெளிப் பங்களிப்பாளர்களிடம் நிற்கும் பி.ஆர்.கள் (2025 நவம்பர் 10–14)

பெறுநர்: திட்ட மேலாளர்
அனுப்புநர்: ரசீது நூலகப் பராமரிப்புக் குழு, காட்பாடி அலுவலகம்

வணக்கம் மேடம்,

வெள்ளி மாலை நிலவரப்படி `waiting-on-author` லேபிளோடு திறந்திருப்பவை 9. போன வாரம் 11 இருந்தன. இரண்டு மெர்ஜ் ஆகின, ஒன்றை எழுதியவரே மூடிவிட்டார், புதிதாக ஒன்று சேர்ந்தது.

இந்த 9-ஐ அப்படியே மேலே அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வாரம் ஒவ்வொன்றையும் திறந்து, கடைசியாக யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். உண்மையிலேயே பங்களிப்பாளர் பதிலுக்காக நிற்பவை 5. இரண்டு நம் பக்கம் நிற்கின்றன, லேபிள்தான் பழையது. மீதி இரண்டை அவர்களைக் கேட்காமல் நாமே முடித்துவிடலாம். புதிய கமிட் வந்தால் அந்த லேபிள் தானாக விழாது, யாராவது கையால் எடுக்க வேண்டும். எண்ணிக்கை ஏறித் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

உங்கள் முடிவு தேவைப்படுவது இரண்டு விஷயங்களுக்கு: #412-ஐ நம் கிளைக்கு எடுத்துக்கொள்வது, #377-ஐ மூடுவது. #412-க்குச் செவ்வாய்க்குள் பதில் கிடைத்தால் 28-ஆம் தேதி வெளியீட்டில் சேர்த்துவிடலாம்.

#412: காலணி ஜி.எஸ்.டி. அட்டவணை

இந்த வாரம் அதிக நேரம் எடுத்தது இதுதான். செப்டம்பர் 22 முதல் ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு வரி 5%. நம் இயல்புநிலை அட்டவணையில் இன்னும் 1,000 வரை 12%, அதற்கு மேல் 18% என்றே இருக்கிறது. 1,500 ரூபாய் ஷூவுக்கு 75 ரூபாய் வரி வர வேண்டிய இடத்தில் 270 என்று அச்சாகும். ஏற்கெனவே நம்மோடு இருக்கும் கடைகள் அமைப்புப் பக்கத்தில் கையால் மாற்றிக்கொண்டுவிட்டன. புதிதாக நிறுவுபவர்களுக்குத்தான் பிரச்சினை. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ விற்கும் கடைகள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பி.ஆர். அனுப்பியவர் ஆம்பூரில் ஒரு காலணிக் கடைக்கு பில்லிங் மென்பொருள் பார்த்துக்கொள்பவர். எண்களைச் சரியாகவே மாற்றியிருக்கிறார். ஆனால் பழைய விகிதத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதியிருக்கிறார். ஆகஸ்டில் வாங்கிய செருப்பை ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தால் அந்த பில்லின் பழைய வரியில்தான் கழிக்க வேண்டும். பழைய பில்லை மறுபடி அச்சிட்டாலும் அப்படியே. அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் தொடக்கத் தேதி வேண்டும் என்று ரிவ்யூவில் கேட்டோம்:

```json
{"hsn": "64", "upto": 2500, "rate": 5, "from": "2025-09-22"}
```

அக்டோபர் 9-ல் கேட்டது, இன்றுவரை பதில் இல்லை. அவர் மேல் குறை சொல்ல முடியாது. அவருடைய கடையில் அவருடைய ஃபோர்க் ஓடிக்கொண்டிருக்கிறது, அவருடைய வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மிச்ச வேலை நமக்குத்தான் தேவை.

அவருடைய கிளையிலேயே நாம் திருத்திவிடலாமே என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. ஃபோர்க் தனிக் கணக்கில் இல்லை, கடையின் ஆர்கனைசேஷன் கணக்கில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஃபோர்க்குகளுக்கு `Allow edits by maintainers` வசதியை கிட்ஹப் தருவதில்லை.

என் பரிந்துரை: அவர் கமிட்களை அப்படியே நம் ரெப்போவில் ஒரு கிளையாக எடுத்து, தேதிப் பகுதியை மேலே தனி கமிட்டாகச் சேர்த்து, புதிய பி.ஆர். திறப்பது.

```
git fetch origin pull/412/head:gst-footwear
```

இப்படி எடுத்தால் அவர் பெயர் அவர் கமிட்களில் அப்படியே நிற்கும். `Signed-off-by` வரியும் ஏற்கெனவே போட்டிருக்கிறார், உரிமச் சிக்கல் இல்லை. எடுப்பதற்கு முன் #412-ல் ஒரு குறிப்பு எழுதி, ஆட்சேபம் இருந்தால் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கொடுப்போம். வேலை ஒன்றரை நாள், டெஸ்ட்டையும் சேர்த்து.

ஆம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வரும் நம் டெஸ்டர், "நானே கடைக்குப் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். பி.ஆர். அனுப்பியவர் நம் சம்பளத்தில் இருப்பவர் அல்ல. முதலாளி எதிரில் போய் நின்று கேட்டால், அந்த மனிதர் அடுத்த முறை பி.ஆர். அனுப்பவே யோசிப்பார்.

நம் பக்கம் நிற்பவை: #405, #419

#405 என்பது 80 மி.மீ. தாளுக்கான அச்சு அகலம். முதலில் அனுப்பியபோது 58 மி.மீ. பிரிண்டருக்கான 384 புள்ளிகளை நேரடியாகக் கோடில் எழுதியிருந்தார். 80-க்கு 576 வேண்டும், அதை அமைப்பிலிருந்து எடுக்கச் சொன்னோம். செவ்வாய்க்கிழமையே திருத்தி அனுப்பிவிட்டார். தமிழ் எழுத்து இந்த பிரிண்டர்களின் உள் எழுத்துருவில் இல்லாததால் நாம் முழு வரியையும் படமாக்கித்தான் அனுப்புகிறோம். ஆகவே அகலம் தவறினால் வரி முழுதும் குலைந்துவிடும். எமுலேட்டரில் பார்த்ததை மட்டும் நம்பி மெர்ஜ் செய்ய எனக்கு மனமில்லை. நம் அலுவலகத்தில் இருப்பது 58 மட்டும்தான். சி.எம்.சி. எதிரில் நம் வாடிக்கையாளரான மருந்துக் கடையில் 80 இருக்கிறது. இரவு கூட்டம் குறைந்தபின் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். திங்கள் இரவு போகிறோம். நிரந்தரத் தீர்வு ஒரு பிரிண்டர் வாங்குவதுதான். அதைத் தனியாகக் கேட்கிறேன், இந்த அறிக்கையில் நுழைக்கவில்லை.

#419 முதல்முறை பங்களிப்பாளருடையது, 6-ஆம் தேதி வந்தது. புதியவர் அனுப்பும் பி.ஆர்.-க்கு நம்மில் ஒருவர் அனுமதி கொடுத்தால்தான் தானியங்கிச் சோதனைகள் ஓடும். அது அழுத்தப்படாமல் கிடந்தது. சோதனை முடிவு வரட்டும் என்று அவர் காத்திருக்க, சோதனையைச் சரிசெய்து அனுப்புவார் என்று லேபிள் சொல்லிக்கொண்டிருந்தது. வியாழன் அனுமதி கொடுத்தோம், எல்லாம் பச்சை. ரிவ்யூ திங்கள். மேலே சொன்ன 9-ஐ எண்ணிய பிறகு இரண்டிலும் லேபிளை எடுத்தாயிற்று. இனி தினமும் காலை முதல் வேலையாக, ரிவ்யூ முறையில் இருப்பவர் அனுமதிக்காகக் காத்திருக்கும் சோதனைகளைப் பார்ப்பார். ஐந்து நிமிட வேலை.

காத்திருக்கலாம்: #398, #409

#398 வேலூரில் படிக்கும் ஒரு மாணவருடையது. நல்ல வேலை. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ொ என்று ஒன்றாகவும் சேமிக்கலாம், ெ, ா என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் ஒரு வகையில் சேமித்த 'கொத்தமல்லி' இன்னொரு வகையில் தேடினால் சிக்காது. மளிகைக் கடைகளிலிருந்து நமக்கு அடிக்கடி வரும் புகார் இது. என்.எஃப்.சி. முறையில் இரண்டையும் ஒன்றாக்குகிறார். நாம் கேட்டது ஒரே ஒரு டெஸ்ட்:

```python
assert norm("க\u0BC6\u0BBE") == "க\u0BCA"
```

செமஸ்டர் தேர்வு முடிந்ததும் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரியை நாமே எழுதிவிடலாம்தான், அவர் கிளையில் திருத்த அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் அவரே முடிக்கட்டும் என்று நினைக்கிறேன். இந்த வெளியீட்டுக்கு அவசரமில்லை, தொடர்ந்து வரக்கூடிய ஆள்.

#409, பல பக்க பில். கோடு தயார், ரிவ்யூவும் முடிந்தது. டி.சி.ஓ. ஒப்பம் மட்டும் இல்லை. அவர் ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர், அலுவலக நேரத்தில் எழுதியது என்பதால் மேலிடத்தில் அனுமதி கேட்டிருக்கிறார். நியாயமான எச்சரிக்கை. அவருக்குப் பதிலாக நாம் ஒப்பமிட முடியாது, நினைவூட்டி அவசரப்படுத்தவும் கூடாது. அனுமதி வந்ததும் `git rebase --signoff main` செய்து `git push --force-with-lease` கொடுத்தால் போதும் என்று குறித்து வைத்திருக்கிறோம். இதை நம்பி யாருக்கும் தேதி சொல்லிவிடாதீர்கள்.

#377 மூடலாம்

ஆண்ட்ராய்டிலிருந்து புளூடூத் வழி அச்சிடும் வசதி. ஜூலையில் வந்தது, இரண்டு நினைவூட்டலுக்கும் பதில் இல்லை. அதற்குள் அச்சுப் பகுதியையே நாம் பிரித்து எழுதிவிட்டதால், இப்போது அதை இணைப்பது புதிதாக எழுதுவதற்குச் சமம். நன்றி சொல்லி, எப்போது வேண்டுமானாலும் மறுபடி திறக்கலாம் என்று எழுதி மூட அனுமதி கேட்கிறேன். யோசனை நல்லது, அதைத் தனி இஷ்யூவாக வைத்துக்கொள்வோம்.

மற்றவை: #415, #416 இரண்டும் ஒரே ஆளின் ஆவணத் திருத்தங்கள். `README.md`-ல் மோதல், அவ்வளவே. திருத்த அனுமதி கொடுத்திருக்கிறார், திங்கள் நாமே சரிசெய்து மெர்ஜ் செய்கிறோம். #420 இந்த வாரம் வந்தது. எதற்காக இந்த மாற்றம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறோம், இப்போதைக்கு அதில் சொல்ல வேறில்லை.

ஸ்டேல் பாட் பற்றி

தானாக மூடும் பாட் போடலாமா என்று போன வாரம் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். `actions/stale` இயல்பாக 60 நாள் அசைவில்லாவிட்டால் குறியிடும், அடுத்த 7 நாளில் மூடிவிடும். அதற்கு நாள் கணக்குத் தெரியும், யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. இப்படியே விட்டிருந்தால் #412-ஐ டிசம்பர் 8-ல் குறியிட்டு 15-ல் மூடியிருக்கும், நமக்கு மிக அவசியமான பி.ஆர். அது. #409-ம் அனுமதி தாமதமானால் அதே கதிதான். ஒற்றை இலக்க எண்ணிக்கைக்கு வெள்ளிக்கிழமை ஒரு அரை மணி நேரம் போதும். நாற்பது, ஐம்பது என்று ஏறினால் அப்புறம் பேசுவோம்.

அடுத்த வாரம்

திங்கள்: #419 ரிவ்யூ, #415, #416 மெர்ஜ், இரவில் மருந்துக் கடையில் #405 சோதனை. அச்சு சரியாக வந்தால் செவ்வாய் மெர்ஜ்.
செவ்வாய்: #412, #377 பற்றி உங்கள் பதில். சரி என்றால் அன்றே #412-ல் குறிப்பு போட்டு, வெள்ளிக்கிழமை நம் கிளையில் வேலை தொடங்குகிறோம்.

அடுத்த அறிக்கையிலிருந்து 'அவர்களிடம்', 'நம்மிடம்' என்று இரண்டு எண்களாகத் தருகிறேன்.

நன்றி,
பராமரிப்புக் குழு, காட்பாடி